குவிலென்ஸ் கதிர்ப்படத்தை மார்ஃப் கொண்டு நகர்த்துதல்: முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ஒளியியலில் குவிலென்ஸ் பிம்பங்களைப் பாடநூல்கள் தனித்தனிப் படங்களாகவே தருகின்றன. பொருள் 2F-க்கு அப்பால் இருக்கும்போது ஒரு படம், 2F-இல் இருக்கும்போது இன்னொன்று, F-க்கும் 2F-க்கும் நடுவில் மற்றொன்று. மாணவர்கள் ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்து அப்படியே வரைந்துவிடுகிறார்கள். ஆனால் இவை அனைத்தும் ஒரே பொருள் லென்ஸை நோக்கி நகர்ந்து வரும்போது அடுத்தடுத்து நேர்பவை என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. பவர்பாயிண்டின் மார்ஃப் அந்த நகர்வைக் கண்முன் காட்டப் பொருத்தமான கருவி. அதில் ஒரு பொறியும் இருக்கிறது: கவனிக்காமல் செய்தால் தவறான இயற்பியலை மிக அழகாகக் காட்டிவிடும். அதனால் இங்கே குவிலென்ஸ் படம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை அளவுகளோடு செய்து பார்ப்போம்.

மார்ஃப் உண்மையில் என்ன செய்கிறது

அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகளில் ஒரே உருவம் இருந்தால், முதல் ஸ்லைடில் அது இருந்த இடம், அளவு, நிறம், சுழற்சி ஆகியவற்றிலிருந்து இரண்டாவதில் உள்ளவற்றுக்கு மார்ஃப் அதைச் சீராக மாற்றிக் காட்டும். ஒரு ஸ்லைடில் மட்டும் உள்ள உருவம் மெல்லத் தோன்றும் அல்லது மெல்ல மறையும். மார்ஃபுக்குத் தெரிந்தது தொடக்கமும் முடிவும் மட்டுமே. இடைப்பட்ட நிலைகளைச் சமமாகப் பங்கிட்டுக் கணக்கிடுகிறது. லென்ஸ் சமன்பாடு அதற்குத் தெரியாது. இந்த ஒரு விஷயம்தான் பின்னால் எந்தெந்த இடத்தில் ஸ்லைடு வைக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யப் போகிறது.

மார்ஃப் மைக்ரோசாஃப்ட் 365-லும், பவர்பாயிண்ட் 2019 முதலான பதிப்புகளிலும் இருக்கிறது. Transitions பட்டையில் Morph என்ற பெயரில் கிடைக்கும். அதை இரண்டாவது ஸ்லைடுக்குத்தான் கொடுக்க வேண்டும். முதல் ஸ்லைடைத் தேர்ந்து மார்ஃப் கொடுத்துவிட்டு, ஏன் எதுவும் நகரவில்லை என்று குழம்புகிறவர்கள் அதிகம். வந்து சேரும் ஸ்லைடின் அமைப்புதான் செல்லும். Duration-உம் அப்படியே, 8-ஆம் ஸ்லைடுக்கு வந்துசேரும் நகர்வு எத்தனை வினாடி என்பதை 8-ஆம் ஸ்லைடில் குறிக்க வேண்டும். Effect Options-இல் Objects என்பது இருக்கட்டும்.

அளவுகளை முதலில் முடிவுசெய்தல்

16:9 ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ., உயரம் 19.05 செ.மீ. லென்ஸின் மையத்தை இடமிருந்து 17 செ.மீ., மேலிருந்து 9.5 செ.மீ. என்ற புள்ளியில் வைப்போம். குவியத்தொலைவு 4 செ.மீ., பொருளின் உயரம் 3 செ.மீ. இந்த அளவுகளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நமக்கு வேண்டிய எல்லா நிலைகளும் ஸ்லைடுக்குள்ளேயே அடங்குகின்றன, எண்களும் பெரும்பாலும் முழு எண்களாக வருகின்றன என்பதுதான். குறியீட்டு மரபை இங்கே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் வெறும் தொலைவாகவே சொல்கிறேன்.

கையால் இழுத்து வைப்பது இந்த வேலைக்கு ஆகாது. உருவத்தின் மேல் வலது சொடுக்கி, Format Shape பலகையில் Size & Properties என்ற பகுதியைத் திறந்தால் Size, Position இரண்டும் இருக்கும். அங்கே எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் கணினி அங்குலத்தில் காட்டினாலும் `12 cm` என்று எழுதினால் அதுவே மாற்றிக்கொள்ளும். Position என்பது உருவத்தின் இடது மேல் மூலையைக் குறிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடிப்படை உருவங்கள் இவை. முதன்மை அச்சு, 1 செ.மீ.-இல் தொடங்கும் 32 செ.மீ. நீளக் கிடைக்கோடு, மேலிருந்து 9.5 செ.மீ.-இல். லென்ஸ், 1 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் கொண்ட நீள்வட்டம், இடம் 16.5, 5. F புள்ளிகள் 13-இலும் 21-இலும், 2F புள்ளிகள் 9-இலும் 25-இலும். புள்ளிக்கு 0.2 செ.மீ. வட்டம் போதும். வட்டத்தின் நடு சரியாக அந்த இடத்தில் விழ, இடத்தில் 0.1 கழித்து எழுதுங்கள். வலப்பக்க F-க்கு 20.9, 9.4 என்று.

கோடுகளை வரையும் திசை

மார்ஃபில் கோடுகள் தொல்லை கொடுப்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. கீழிருந்து மேலாகவோ வலமிருந்து இடமாகவோ வரைந்த கோட்டை பவர்பாயிண்ட் ‘புரட்டிய கோடு’ என்று உள்ளுக்குள் வைத்துக்கொள்கிறது. ஒரு ஸ்லைடில் புரட்டியதும் அடுத்ததில் புரட்டாததுமாக அதே கோடு இருந்தால், நகர்வு சீராக வராது. கோடு சுழன்று போவது போலவோ மங்கி மாறுவது போலவோ தெரியும். ஆகவே எல்லாக் கோடுகளையும் இடது மேலிருந்து வலது கீழாகவே வரையுங்கள். பொருளைக் குறிக்கும் அம்புக்கும் இதே விதிதான். மேலிருந்து கீழே வரைந்து, அம்புமுனையை Begin Arrow type-இல் கொடுத்தால் முனை மேலே வந்துவிடும். தலைகீழ்ப் பிம்பத்துக்கு அச்சிலிருந்து கீழே வரைந்து, முனையை End Arrow type-இல் கொடுங்கள்.

நம் அமைப்பில் ஒரு வசதி இருக்கிறது. பொருள் இடப்பக்கம், கதிர்கள் யாவும் வலது கீழ்நோக்கியே செல்கின்றன. எந்த நிலையிலும் எந்தக் கோடும் புரள வேண்டியதில்லை.

கதிர்கள் மூன்று கோடுகள். கதிர்1, பொருளின் முனையிலிருந்து அச்சுக்கு இணையாக லென்ஸ்வரை. கதிர்2, லென்ஸில் விலகி வலப்பக்க F வழியாகச் செல்வது. கதிர்3, பொருளின் முனையிலிருந்து லென்ஸின் மையம் வழியாக நேராகச் செல்வது. கதிர்களுக்கு அம்புமுனை வேண்டாம். முனையின் அளவு கோட்டின் தடிமனைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததல்ல. கோடு குட்டையாக இருக்கும்போது முனை மட்டும் ஒரு பொட்டாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பெயர் வைத்தல்

ஒரே மாதிரியான பல கோடுகள் இருக்கும்போது, எந்தக் கோடு எதற்கு இணை என்பதை பவர்பாயிண்ட் சில நேரம் தவறாகக் கணிக்கும். Alt+F10 அழுத்தினால் Selection Pane திறக்கும். அதில் உருவத்தின் பெயரை இருமுறை சொடுக்கி மாற்றலாம். பெயரின் தொடக்கத்தில் இரண்டு வியப்புக்குறிகள் வைத்தால், அடுத்த ஸ்லைடில் அதே பெயருள்ள உருவத்தோடுதான் இணைக்க வேண்டும் என்று கட்டாயமாகிறது. தமிழிலேயே பெயர் வைக்கலாம்:

```
!!பொருள்
!!கதிர்1
!!கதிர்2
!!கதிர்3
!!பிம்பம்
```

ஸ்லைடை நகலெடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பெயர்கள் நகலோடு சேர்ந்து போகும். ஒரே ஸ்லைடில் ஒரே பெயர் இரண்டு உருவங்களுக்கு இருக்கக் கூடாது. ஒரு கதிரை நகலெடுத்து இன்னொரு கதிர் செய்திருந்தால் பலகையைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

முழுப் படத்தை முதலில் வரைந்து, பின்னோக்கிச் செல்லுதல்

வெற்று ஸ்லைடிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட, எல்லாம் நிறைந்த ஸ்லைடை முதலில் செய்துவிட்டு அதை நகலெடுத்துக் குறைத்துக்கொண்டே போவது எளிது. அசையாத உருவங்கள் எல்லா ஸ்லைடிலும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் இருப்பதற்கும் அதுவே வழி.

பொருள் 3F தொலைவில், அதாவது லென்ஸிலிருந்து 12 செ.மீ.-இல் இருக்கும் படத்தை வரையுங்கள். பொருள் இடமிருந்து 5 செ.மீ.-இல், மேலிருந்து 6.5-இல், உயரம் 3. கதிர்1 அதே 5, 6.5-இல் தொடங்கி 12 செ.மீ. நீளம். கதிர்2 தொடங்குமிடம் 17, 6.5, அகலம் 6, உயரம் 4.5. கதிர்3 தொடங்குமிடம் 5, 6.5, அகலம் 18, உயரம் 4.5. பிம்பம் 23, 9.5-இல், உயரம் 1.5. இரண்டு கதிர்களும் பிம்பத்தின் முனையில் சரியாகச் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை என்றால் ஏதோ ஓர் எண் தவறு.

இடப்பக்கச் சிறு படங்களின் வரிசையில் இந்த ஸ்லைடைத் தேர்ந்து Ctrl+D அழுத்தி, மொத்தம் ஐந்து ஆக்குங்கள். ஐந்தாவது முழுப் படம். நான்காவதில் பிம்பத்தை அழியுங்கள். மூன்றாவதில் பிம்பத்தை அழித்து, கதிர்3-ஐ முளை அளவுக்குச் சுருக்குங்கள். இரண்டாவதில் கதிர்2-உம் சுருங்கும். முதலாவதில் மூன்று கதிர்களுமே முளைகள்.

சுருக்கும்போது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறக் கூடாது. கதிர்2-இன் முழு அளவு 6-க்கு 4.5, முளை 0.08-க்கு 0.06. கதிர்3-இன் முழு அளவு 18-க்கு 4.5, முளை 0.08-க்கு 0.02. விகிதம் காத்தால் கதிர் தன் பாதையிலேயே நீண்டு வளரும். முளையைக் கிடையாக வைத்துவிட்டால், கதிர் வளரும்போதே கதவு திறப்பது போல ஆடிச் சாயும். ஒளி அப்படிச் செல்வதில்லை. சுருக்கிய பிறகு தொடக்கப் புள்ளி இடம் மாறாமல் இருக்கிறதா என்று Position-ஐயும் சரிபாருங்கள்.

இரண்டு முதல் ஐந்துவரை உள்ள ஸ்லைடுகளுக்கு மார்ஃப் கொடுத்து, Duration 1.5 வினாடி வையுங்கள். பிம்பத்துக்கு மட்டும் முளை வேண்டாம். கதிர்கள் சந்தித்த இடத்தில் அது மெல்லத் தோன்றட்டும். பிம்பம் அச்சிலிருந்து வளர்ந்து வரும் பொருள் அல்ல, கதிர்கள் சந்திப்பதால் உண்டாவது என்பதை இது சொல்லாமலே காட்டும்.

பொருளை நகர்த்துதல்

இனி ஐந்தாவது ஸ்லைடை நகலெடுத்து, பொருளை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். எல்லா நிலைகளிலும் பொருள், கதிர்1, கதிர்3 மூன்றின் மேல்விளிம்பும் 6.5, கதிர்2 எப்போதும் 17, 6.5-இல் தொடங்கும், மெய்பிம்பத்தின் மேல்விளிம்பு எப்போதும் 9.5. கதிர்1, கதிர்3 இரண்டும் பொருள் இருக்கும் இடத்திலேயே தொடங்குகின்றன. மாறுபவை மட்டும் அட்டவணையில்:

| ஸ்லைடு | பொருளின் தொலைவு | பொருளின் இடம் | கதிர்1 நீளம் | கதிர்2 | கதிர்3 | பிம்பத்தின் இடம், உயரம் |
|---|---|---|---|---|---|---|
| 5 | 12 | 5 | 12 | 6 × 4.5 | 18 × 4.5 | 23, 1.5 |
| 6 | 8 | 9 | 8 | 8 × 6 | 16 × 6 | 25, 3 |
| 7 | 7 | 10 | 7 | 9.33 × 7 | 16.33 × 7 | 26.33, 4 |
| 8 | 6 | 11 | 6 | 12 × 9 | 18 × 9 | 29, 6 |
| 9 | 4 | 13 | 4 | 12 × 9 | 12 × 9 | இல்லை |
| 10 | 2 | 15 | 2 | 12 × 9 | 6 × 9 | இல்லை |

7-ஆம் ஸ்லைடு எதற்கு என்று கேட்கலாம். பாடநூலில் அப்படி ஒரு நிலை இல்லை. மார்ஃப் சமமாகப் பங்கிடுகிறது என்று முன்பு சொன்னது இங்கேதான் வேலை செய்கிறது. பொருள் 8-இலிருந்து 6-க்கு நேராக நகர்ந்தால், அது 7-ஐக் கடக்கும் கணத்தில் மார்ஃப் பிம்பத்தை 8-க்கும் 12-க்கும் நடுவே, 10 செ.மீ.-இல் காட்டும். லென்ஸ் சமன்பாட்டின்படி பிம்பம் இருக்க வேண்டிய இடமோ 9.33. திரையில் இந்த வேறுபாட்டை யாரும் அளக்கப்போவதில்லை என்றாலும், பிம்பம் சீரான வேகத்தில் நகர்வதாகத் தெரிவதுதான் சிக்கல். பொருள் F-ஐ நெருங்க நெருங்கப் பிம்பம் விரைந்து விலகுகிறது என்பதே இந்தப் பாடத்தின் உயிர். நடுவில் ஒரு நிலையை வைத்தால் அந்த விரைவு கண்ணுக்குத் தெரியும்: 8-இலிருந்து 7-க்கு வரும்போது பிம்பம் 1.33 செ.மீ. நகர்கிறது, 7-இலிருந்து 6-க்கு வரும்போது 2.67 செ.மீ. இந்த இரண்டு நகர்வுகளுக்கும் Duration ஒரே அளவாக இருந்தால்தான் இது புலப்படும். இரண்டுக்கும் 2 வினாடி கொடுங்கள்.

7-ஆம் ஸ்லைடில் நின்று பேச வேண்டியதில்லை. Transitions பட்டையின் வலக்கோடியில் On Mouse Click-ஐ நீக்கிவிட்டு, After என்பதைக் குறியிட்டு 00:00 என்று வைத்தால், அது தானே 8-க்குப் போய்விடும். 6-ஆம் ஸ்லைடில் ஒரு சொடுக்கு, 8-இல் நிற்கும்.

5-இலிருந்து 6-க்கு நடு நிலை தேவையில்லை. அங்கே மிகையாகத் தெரியும் தொலைவு பாதி வழியில் 0.33 செ.மீ.தான், மையக்கதிர் லென்ஸின் மையத்திலிருந்து விலகுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கதிர்2 எந்தக் கணத்திலும் F-ஐ விட்டு விலகுவதே இல்லை, ஏனென்றால் அதன் அகலமும் உயரமும் எல்லா நிலையிலும் 4-க்கு 3 என்ற விகிதத்திலேயே மாறுகின்றன.

வகுப்பில் 6-ஆம் ஸ்லைடில் நிறுத்திக் கேட்க நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. பொருள் 4 செ.மீ. நகர்ந்தபோது பிம்பம் 2 செ.மீ. நகர்ந்தது, இப்போது பொருள் 2 செ.மீ. மட்டும் நகரப் போகிறது, பிம்பம் எவ்வளவு நகரும்? ஒரு செ.மீ. என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். சொடுக்கினால் 4 செ.மீ. நகரும்.

F-ஐக் கடக்கும் இடம்

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இது. பொருள் F-க்கு வெளியே இருக்கும்வரை பிம்பம் வலப்பக்கம், தலைகீழாக. F-க்கு உள்ளே வந்ததும் இடப்பக்கம், நேராக. 8-ஆம் ஸ்லைடின் `!!பிம்பம்` என்ற அம்பையே அடுத்த ஸ்லைடில் இடப்பக்கம் நிமிர்த்தி வைத்து மார்ஃப் கொடுத்தால், பிம்பம் லென்ஸையே ஊடுருவிக்கொண்டு வலமிருந்து இடமாக வந்து நிமிர்ந்து நிற்கும். பார்க்க அற்புதமாக இருக்கும். இயற்பியலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒருமுறை பார்த்த மாணவர் மனத்திலிருந்து அதை அழிப்பதும் கடினம்.

உண்மையில் பிம்பம் வலப்பக்கமாக விலகி விலகிக் காணாமல் போகிறது. பொருள் 5 செ.மீ.-இல் இருக்கும்போதே பிம்பம் 20 செ.மீ. தொலைவில், நம் ஸ்லைடுக்கு வெளியே போய்விடும். ஆகவே 9-ஆம் ஸ்லைடில் பிம்பத்தை அழித்துவிடுங்கள், மெல்ல மறையும். அங்கே பொருள் F-இலேயே இருக்கிறது. கதிர்2-உம் கதிர்3-உம் ஒரே அளவு, 12-க்கு 9. அதாவது இரண்டும் இணை. சந்திக்காத கதிர்கள், இல்லாத பிம்பம். இந்த ஸ்லைடில் சற்று நேரம் நிற்கலாம்.

10-ஆம் ஸ்லைடில் பொருள் உள்ளே வருகிறது, கதிர்கள் விரிகின்றன. இன்னும் பிம்பம் இல்லை. 10-ஐ நகலெடுத்து 11-ஆம் ஸ்லைடு செய்து, அதில் மூன்று புதிய உருவங்களைச் சேருங்கள். கதிர்2-இன் பின்நீட்சி, 13, 3.5-இல் தொடங்கி 4-க்கு 3 அளவுள்ள புள்ளிக்கோடு. கதிர்3-இன் பின்நீட்சி, அதே இடத்தில் தொடங்கி 2-க்கு 3. மாயபிம்பம், 13, 3.5-இல் 6 செ.மீ. உயரமுள்ள புள்ளிக்கோட்டு அம்பு, முனை மேலே. இதற்கு `!!மாயபிம்பம்` என்று வேறு பெயர் வையுங்கள். முந்தைய ஸ்லைடில் இணை ஏதும் இல்லாததால் மூன்றும் மெல்லத் தோன்றும். பொருளின் உயரம் 3, பிம்பத்தின் உயரம் 6, நேரானது, பொருள் இருக்கும் பக்கத்திலேயே: உருப்பெருக்கி இப்படித்தான் வேலை செய்கிறது.

சரியாக வராதபோது

நகர வேண்டியது மங்கி மறைந்து வேறிடத்தில் தோன்றினால், இணை சேரவில்லை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஒரு ஸ்லைடில் மட்டும் உருவங்களைக் குழுவாக்கியிருப்பீர்கள். குழுவாக்குவதென்றால் எல்லா ஸ்லைடிலும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும். இந்தப் படத்துக்குக் குழுவே தேவையில்லை. கோடு நகரும்போது சுழன்றால், புரட்டிய கோடு. அழித்துவிட்டுச் சரியான திசையில் வரையுங்கள். அச்சோ லென்ஸோ லேசாக நடுங்கினால், ஏதோ ஒரு ஸ்லைடில் சுட்டி பட்டு இடம் மாறியிருக்கிறது. எண்களை ஒப்பிட்டால் எந்த ஸ்லைடு என்று தெரிந்துவிடும்.

பழைய கோப்பிலிருந்து உருவங்களை எடுத்திருந்தால், அவற்றில் Animations பட்டையின் நுழைவு அசைவு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் ஸ்லைடு வந்ததும் அந்த உருவம் காணாமல் போய், அடுத்த சொடுக்கில்தான் வரும். அதை நீக்கிவிடுங்கள்.

பின்னோக்கிச் செல்லும்போது மார்ஃப் ஓடாது. முந்தைய ஸ்லைடு சட்டென வந்து நிற்கும். ஒரு நகர்வை மறுபடி காட்ட, ஒரு ஸ்லைடு பின்னே போய் மீண்டும் முன்னே வந்தால் போதும். பொருள் லென்ஸை விட்டு விலகிச் செல்வதைக் காட்ட விரும்பினால், 5, 6, 7, 8-இன் நகல்களைத் தலைகீழ் வரிசையில் கடைசியில் சேர்க்க வேண்டும். காட்சி ஓடும்போது ஸ்லைடு எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேராக அங்கே போகலாம் என்பது இந்த முறையில் மிகவும் பயன்படும். “சார், F-இல் வைத்தபோது என்ன ஆனது?” என்று ஒரு மாணவி கேட்டால், 9 தட்டி Enter.

கோப்பை வகுப்பறைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். மார்ஃப் தெரியாத பழைய பவர்பாயிண்டில் நகர்வுக்குப் பதில் வெறும் மங்கல் மாற்றம்தான் வரும். லிப்ரே ஆஃபீஸிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் மார்ஃப் ஓடாது. அப்படிப்பட்ட பள்ளிக்கு File, Export, Create a Video வழியாக எம்பி4 காணொளியாக மாற்றி எடுத்துச் செல்லலாம். காணொளி சொடுக்குக்குக் காத்திருக்காது என்பதால், மாற்றும்போது ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 5 வினாடி என்று கொடுத்து, கேள்வி கேட்க வேண்டிய 6-இலும் 9-இலும் நீங்களே காணொளியை நிறுத்திக்கொள்ளுங்கள்.